பில் மார்ச்சில் வருகிறது, கெடு பிப்ரவரியிலேயே முடிந்துவிடுகிறது

கேள்வி: ஏற்காட்டில் ஐந்து அறைகளோடு ஹோம்ஸ்டே நடத்துகிறேன். ரூம் புக்கிங்கைக் கவனிக்கிற சாஃப்ட்வேர் ஒன்றை 2025 ஏப்ரல் 12-ல் ஒரு வருடத்துக்கு வாங்கினேன். 36,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இந்த மார்ச் 14-ம் தேதி 62,304 ரூபாய்க்கு மெயிலில் பில் வந்தது. வேண்டாம் என்றேன். பிப்ரவரி 10-க்குள் சொல்லியிருக்க வேண்டும், இனிமேல் முடியாது என்கிறார்கள். வருடத்துக்கு 10 சதவீதம்தான் ஏறும் என்று விற்றவர் சொன்னார். கார்டில் ஆட்டோ டெபிட்டை ரத்து செய்துவிட்டால் விட்டுவிடுவார்களா சார்? ஒப்பந்தத்தை இணைத்திருக்கிறேன்.
வாசகி, ஏற்காடு

பதில்: ரத்து செய்தால் பணம் போகாது அம்மா, ஆனால் ஒப்பந்தம் அப்படியே நிற்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஆட்டோ டெபிட்டுக்கு ஒவ்வொரு முறையும் நீங்கள் ஓடிபி கொடுக்க வேண்டும். அதனால் 62,304 ரூபாய் உங்களுக்குத் தெரியாமல் போய்விடாது. அந்தப் பயம் வேண்டாம். அதே நேரம், பணம் போகவில்லை என்பதால் பாக்கி இல்லை என்று ஆகாது. ஏப்ரல் 12-ம் தேதி ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்பட்டது என்று சொல்லி அவர்கள் பாக்கி கேட்கலாம், சேவையை முடக்கலாம். உங்களுக்கு சீசன் தொடங்குகிற வாரத்தில் புக்கிங் திரை முடங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இப்போதைக்கு ஓடிபி கொடுக்காதீர்கள், ஆட்டோ டெபிட்டை மட்டும் ரத்து செய்துவிட்டுச் சும்மாவும் இருக்காதீர்கள். எழுத்தில் பேச வேண்டும். அதற்குக் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தேன். அது இரண்டு துண்டாக இருக்கிறது. முதல் பக்கம் ஆர்டர் படிவம். விலை, தேதி, உங்கள் கையெழுத்து எல்லாம் அதில். அடியில் பொடி எழுத்தில், இது எங்கள் பொது நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்று ஒரு வரி. அந்தப் பொது நிபந்தனைகள் பதினோரு பக்கம். கெடு, விலை ஏற்றம் இரண்டும் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன.

முதலில் விலை. விற்றவர் 10 சதவீதம் என்று சொன்னது பொய்யில்லை, எதன் மேல் 10 சதவீதம் என்பதைத்தான் சொல்லாமல் விட்டார். ஆர்டர் படிவத்தில் பட்டியல் விலை 48,000 என்றும், 25 சதவீதத் தள்ளுபடி முதல் தவணைக்கு, அதாவது முதல் வருடத்துக்கு மட்டும் என்றும் இருக்கிறது. 36,000 வந்தது அப்படித்தான். நிபந்தனைகளிலோ, புதுப்பிக்கும்போது பட்டியல் விலையே பொருந்தும், அதையும் 10 சதவீதம் வரை ஏற்றலாம் என்று எழுதியிருக்கிறார்கள். 48,000-க்கு 10 சதவீதம் சேர்த்தால் 52,800. 18 சதவீத ஜிஎஸ்டி 9,504. மொத்தம் 62,304. நீங்கள் மனதில் வைத்திருந்தது 36,000-க்கு 10 சதவீதம், அதாவது 39,600. உண்மையில் அடிப்படை விலை 46 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது, ஒப்பந்தத்தில் எழுதிய 10 சதவீத வரம்பையும் மீறவில்லை. வருடப் பிளான்களில் நான் அதிகம் பார்க்கிற ஏமாற்றம் இதுதான். ஏற்றத்தின் சதவீதம் எல்லோர் கண்ணிலும் படுகிறது, எந்தத் தொகை மேல் அது ஏறுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லையென்றால் அந்த 9,504-ஐத் திரும்ப வரவு எடுக்கவும் வழியில்லை, அதுவும் செலவுதான்.

அடுத்தது கெடு. தவணை முடிவது 2026 ஏப்ரல் 11. புதுப்பிக்க வேண்டாம் என்றால் முடிவதற்கு 60 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். ஏப்ரல் 11-லிருந்து பின்னோக்கி எண்ணினால் பிப்ரவரி 10 வருகிறது. அவர்கள் சொன்ன தேதி சரி. ஆனால் அதே நிபந்தனைகளில் நாலு பத்தி தள்ளி இன்னொரு வரி இருக்கிறது: விலையை ஏற்றுவதாக இருந்தால் புதிய தவணை தொடங்குவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பு நிறுவனம் மெயிலில் தெரிவிக்க வேண்டும். இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் 60 நாள் முன்பு சொல்ல வேண்டும், அவர்கள் 30 நாள் முன்பு சொன்னால் போதும். அதாவது புதிய விலை என்ன என்று தெரிவதற்கு ஒரு மாதம் முன்பே, வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள் முடிவு சொல்லிவிட வேண்டும். பில் கைக்கு வந்து, அட, இவ்வளவா என்று நீங்கள் விழிக்கும்போது கதவு ஏற்கெனவே சாத்தியிருக்கும். உங்கள் ஊர்க் கணக்கில் இது இன்னும் மோசம். ஜனவரி, பிப்ரவரியில் காபி, மிளகு வேலை கையைக் கட்டிப்போடும், ரூம் பக்கம் கவனம் இருக்காது. பில் வரும்போதோ கோடை புக்கிங் நிரம்பத் தொடங்கியிருக்கும், வேறு சாஃப்ட்வேருக்கு மாறத் துணிச்சல் வராது.

சரி, இப்போது அவர்கள் வைத்த கெடுவை அவர்கள் காப்பாற்றினார்களா? புதிய தவணை தொடங்குவது ஏப்ரல் 12. அதற்கு 30 நாள் முன்பு என்றால் மார்ச் 13. உங்களுக்கு மெயில் வந்தது மார்ச் 14. ஒரு நாள் தாமதம். உங்கள் மெயில் பெட்டியில் ஸ்பாம் பகுதி உட்பட நன்றாகத் தேடி, அதற்கு முன்பு விலை பற்றி எதுவும் வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வரவில்லை என்றால், 48,000 மேல் ஏற்றிய 4,800 ரூபாயை இந்த வருடம் கேட்க முடியாது என்று உறுதியாகச் சொல்லலாம். தள்ளுபடி போனது போனதுதான், அது ஆர்டர் படிவத்திலேயே இருக்கிறது. ஆக ஒப்பந்தத்தை எழுத்துக்கு எழுத்து பிடித்தால் உங்கள் தொகை 48,000-மும் ஜிஎஸ்டியும், 56,640 ரூபாய். பெரிய வெற்றி இல்லை. ஆனால் உங்கள் கெடுவை ஒரு நாள்கூடத் தளர்த்தாதவர்கள் தங்கள் கெடுவைத் தவறவிட்டிருக்கிறார்கள் என்பது பேச்சுவார்த்தையில் நல்ல பிடி.

சட்டம் உதவுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஓரளவு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 74-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தை மீறியதற்கு ஒரு தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். நீங்கள் பயன்படுத்தாத ஒரு வருடத்துக்கு முழுப் பணத்தையும் வசூலிப்பது அவர்களுக்கும் சுலபமில்லை. சந்தாவிலிருந்து வெளியேறுவதை வேண்டுமென்றே சிக்கலாக்குவதை 2023-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு விதிகள் தடை செய்கின்றன. தொழிலுக்காக வாங்கியவர் பொதுவாக நுகர்வோர் ஆக மாட்டார், ஆனால் சொந்தப் பிழைப்புக்காக மட்டும் நடத்தும் சுயதொழில் என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஐந்து அறையை நீங்களே நடத்துகிறீர்கள் என்றால் அப்படி வாதாடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பேச்சு முறிந்தால் அங்கே போகலாம். போன வருட பில்லுக்கும் இதற்கும் உள்ள சுமார் இருபதாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்காக சீசன் நேரத்தில் சேலத்துக்கு ஏறி இறங்கி வழக்கு நடத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் யோசனை இதுதான். இந்த ஏப்ரலில் சாஃப்ட்வேரை மாற்றாதீர்கள். ஆன்லைன் தளங்களில் உங்கள் அறைகளின் கணக்கு இதன் வழியாகத்தான் ஓடுகிறது. பாதியில் மாற்றினால் ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடும் அபாயம் உண்டு. கோடை விழா சமயத்தில் அப்படி ஒரு குடும்பத்தை வாசலில் நிறுத்தினால் ஏற்படும் கெட்ட பெயர் 20,000 ரூபாயில் அடங்காது. அதனால் மூன்று மாதத் தவணை கேளுங்கள், ஏப்ரல் 12 முதல் ஜூலை 11 வரை. 48,000-ல் கால் பங்கு 12,000, ஜிஎஸ்டியோடு 14,160. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான் இடம் கொடுக்கிறது, எனவே இது நீங்கள் கேட்கிற சலுகை, உரிமை அல்ல. அதற்கு ஒத்துவரவில்லை என்றால் ஒரு வருடத்துக்கு 39,600 கேளுங்கள், விற்றவர் சொன்ன கணக்கு அதுதானே. அவர் அதை வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்து அனுப்புங்கள். இரண்டும் இல்லை என்றால்தான் 56,640.

மெயிலை விற்பனையாளருக்கு அனுப்பிப் பயனில்லை. நிபந்தனைகளின் கடைசிப் பக்கத்தில் நோட்டீஸ் என்ற தலைப்பில் ஒரு மெயில் முகவரி கொடுத்திருக்கிறார்கள், அதற்கு அனுப்புங்கள். போனில் சொன்னதும் வாட்ஸ்அப்பில் சொன்னதும் இந்த ஒப்பந்தப்படி நோட்டீஸ் ஆகாது. மெயிலில் இப்படி எழுதி, அதன் கீழே அந்த மூன்று மாதத் தவணையைக் கேட்டால் போதும்: "விலை ஏற்றம் பற்றிய உங்கள் மெயில் மார்ச் 14 அன்று வந்தது. ஒப்பந்தப்படி அது மார்ச் 13-க்குள் வந்திருக்க வேண்டும். எனவே 52,800 ரூபாய் என்ற விலையை நான் ஏற்கவில்லை. கீழே கேட்டிருக்கும் தவணைக்கு ஏப்ரல் 5-க்குள் எழுத்தில் பதில் அனுப்பவும். அடுத்த தவணை முடிந்ததும் தானாகப் புதுப்பிக்க வேண்டாம் என்பதற்கும் இதுவே என் நோட்டீஸ்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். 60 நாள் முன்பு என்பது கடைசிக் கெடு, அதற்கு எவ்வளவு முன்னால் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றே உங்கள் ஒப்பந்தம் இருக்கிறது. இன்றைக்கே சொல்லிவிட்டால் அடுத்த முறை தேதியை நினைவில் வைக்கும் பாடு இல்லை. பிறகு பிடித்திருந்தால் அன்றைய விலையைப் பார்த்துப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம், கொடுக்க அவர்களுக்குக் கசக்காது.

புதிய தவணைக்குக் கையெழுத்துப் போடும்போது ஆர்டர் படிவத்திலேயே இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று, தானாகப் புதுப்பித்தல் இல்லை. இன்னொன்று, அடுத்த தவணையில் ஏற்றம் இருந்தால் நான் உண்மையில் கட்டிய தொகையின் மேல்தான். உங்கள் நிபந்தனைகளிலேயே, ஆர்டர் படிவமும் நிபந்தனைகளும் முரண்பட்டால் ஆர்டர் படிவமே செல்லும் என்று இருக்கிறது. அதனால் பதினோரு பக்கத்தை யாரும் திருத்த வேண்டாம், முதல் பக்கத்தில் இரண்டு வரி போதும். வேறு எந்த வருடப் பிளான் வாங்கினாலும் பிடிஎஃப்-ஐத் திறந்து renew, notice, list price என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள். முழுக்கப் படிக்க நேரமில்லாத நாளில்கூட விலையும் கெடுவும் இருக்கிற பத்திகள் அனேகமாக அதில் சிக்கிவிடும்.

மெயிலை நாளைக்கே அனுப்புங்கள். கூடவே, வரப்போகிற புக்கிங்குகள், விருந்தினர் போன் எண்கள், வாங்கிய முன்பணம் எல்லாவற்றையும் எக்செல்லில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பதில் வந்ததும் அதை எனக்கு அனுப்புங்கள், அதன் பிறகு ஓடிபி கொடுக்கலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.