21 நாள் கடனும் 110 நாள் சரக்கும்

கேள்வி: டி.பார்ம் முடித்து ஆறு வருடம் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். இப்போது தஞ்சாவூர் புறநகரில் 120 சதுர அடியில் சொந்தமாகக் கடை போடுகிறேன். கையில் 8 லட்சம் ரூபாய் இருக்கிறது. தெரிந்த ஸ்டாக்கிஸ்ட் ஒருவர், "5 லட்சத்துக்குச் சரக்கு நான் போடுறேன்மா, 21 நாள் கழிச்சுப் பணம் கொடுங்க, ஒரு செக் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்கிறார். சரக்கைக் கடனில் எடுத்துவிட்டு, என் பணத்தை ரேக், ஏசி, போர்டுக்குச் செலவழிக்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் கொடுக்கும் 21 நாளை உங்கள் கல்லாவோடு ஒட்டிப் பார்த்தாலே ஏன் என்று புரிந்துவிடும்.

புதுக் கடையில் முதல் மாதம் ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் வியாபாரம் நடந்தால் நல்ல ஆரம்பம். 21 நாளில் கல்லாவுக்கு வருவது 63,000 ரூபாய். 22-ஆம் நாள் காலையில் கலெக்‌ஷன் பையன் 5 லட்சத்துக்குப் பில்லை நீட்டுவார். மீதி 4,37,000 ரூபாய் ரேக்கில் அட்டையாகவும் பாட்டிலாகவும் உட்கார்ந்திருக்கும். அதை எடுத்து அவரிடம் பணமாகக் கொடுக்க முடியாது.

பணம் போகாவிட்டால் முதலில் நிற்பது அடுத்த பில். ஸ்டாக்கிஸ்ட் கோபப்பட்டுக்கூட நிறுத்த வேண்டியதில்லை. கெடு தாண்டிய கணக்குக்கு அவருடைய பில்லிங் சாஃப்ட்வேரே பில் போடாதபடி பலர் செட் செய்து வைத்திருக்கிறார்கள். உங்கள் கடையில் சரக்கு நிறைய இருக்கும், ஆனால் ஓடுகிற சரக்கு தீர்ந்திருக்கும். சீட்டோடு வருபவர் நாலு மருந்து கேட்பார், இரண்டுதான் இருக்கும். நாலும் கிடைக்கும் கடைக்கு அவர் சீட்டோடு போய்விடுவார். இருந்த இரண்டும் விற்காது. 3,000 என்பது 2,000 ஆகும். சின்ன மருந்துக்கடைகள் மூச்சு முட்டுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். லாபம் இல்லாததால் அல்ல.

உங்கள் 8 லட்சத்தை இப்படிப் பிரிப்பேன். கடை அட்வான்ஸ், ரேக், ஃப்ரிட்ஜ், கம்ப்யூட்டர், லைசென்ஸ் செலவு எல்லாம் சேர்த்து 3 லட்சத்தைத் தாண்டக் கூடாது. முதல் சரக்குக்கு 2,75,000, அதுவும் ரொக்கத்துக்கு. வாடகை, கரண்ட், ஆள் சம்பளம், உங்கள் வீட்டுச் செலவில் விழும் துண்டு ஆகியவற்றுக்கு ஆறு மாதத்துக்கென 1,25,000. மீதி ஒரு லட்சம் ஸ்டாக்கிஸ்டுகளுக்கான காவல் பணம். கெடு நெருங்கி வசூல் குறைந்த வாரத்தில் மட்டும் தொட வேண்டும். ஏசி தேவையென்றால் அந்த 3 லட்சத்துக்குள் வரட்டும். தஞ்சாவூர் சித்திரை வெயிலில் மருந்து வைக்க அது வீண் செலவும் இல்லை. கண்ணாடி ரேக்கை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

2,75,000 ரூபாய்ச் சரக்கு குறைவாகத் தோன்றலாம். 3,000 ரூபாய் வியாபாரத்தில் சரக்கின் அடக்கவிலை சுமார் 2,460. அந்தக் கணக்கில் இது 110 நாள் சரக்கு. தொடக்கத்தில் இப்படித்தான் இருக்கும், ஏனென்றால் நீங்கள் வாங்குவது அளவை அல்ல, வகையை. ரேக்கில் பத்து பாக்ஸ் பான்டோபிரசோல் இருப்பதைவிட நாற்பது வகை மருந்து இரண்டிரண்டு அட்டையாக இருப்பது மேல். அரை கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கிளினிக்குகளில் எந்த டாக்டர் எந்தக் கம்பெனி மருந்தை எழுதுகிறார் என்று ஒரு வாரம் விசாரித்து, அந்தப் பிராண்டுகளையே எடுங்கள். பெரும்பாலான ஸ்டாக்கிஸ்டுகள் பாக்ஸைப் பிரித்து இரண்டு அட்டையும் கொடுப்பார்கள். ஆர்டர் எடுக்க வருபவர்தான் "பாக்ஸா எடுத்துடுங்க" என்பார்.

இந்த 110 நாள் சரக்குக்கு 21 நாள் கடன் எந்த வகையிலும் பொருந்தாது. அந்தக் கடன் வேறு வேலைக்கு: விற்றுப்போன மருந்தைத் திரும்ப நிரப்ப. வியாபாரம் 6,000-க்கு ஏறிய பிறகு கணக்கு என்னவாகிறது பாருங்கள். தினமும் விற்றுப்போகும் சரக்கின் அடக்கம் 4,900 ரூபாய். 45 நாள் சரக்கு வைத்தால் 2,20,500 ரூபாய் ரேக்கில் நிற்கும். ஸ்டாக்கிஸ்டின் 21 நாள் அதில் 1,02,900 ரூபாயைத் தாங்கும். மீதி 24 நாளுக்கான 1,17,600 ரூபாய் என்றைக்கும் உங்கள் பணமாகத்தான் இருக்க வேண்டும். கடை ஓடும் வரை அதைத் திரும்ப எடுக்க முடியாது.

இனி கடன் நிபந்தனை. "21 நாள்" என்ற வார்த்தையை நம்பி நிற்காமல் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். நாள் பில் தேதியிலிருந்தா, சரக்கு வந்த தேதியிலிருந்தா? ஒரு நேரத்தில் எவ்வளவு ரூபாய் வரை பாக்கி நிற்கலாம்? எத்தனை பில் வரை நிற்கலாம்? மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்க்கும். சிலர் 21 நாள் என்று சொல்லிவிட்டு நடைமுறையில் பில்லுக்குப் பில் வசூலிப்பார்கள். அடுத்த சரக்கு வேண்டுமானால் முந்தைய பில்லைக் கட்ட வேண்டும். நீங்கள் மூன்று நாளைக்கு ஒருமுறை ஆர்டர் போட்டால், உங்களுக்குக் கிடைத்த கடன் மூன்று நாள்தான். பல ஸ்டாக்கிஸ்டுகள் முதல் இரண்டு மூன்று மாதம் ரொக்கம் கேட்பது வழக்கம், அதில் தவறில்லை. தவறாமல் கொடுங்கள், பிறகு 7 நாள், 14 நாள், 21 நாள் என்று நீங்களே கேட்டு வாங்கலாம். அடிக்கடி ஓடும் பிராண்டுகளுக்கு இரண்டு பேரிடம் கணக்கு வையுங்கள். எல்லாவற்றையும் ஒருவரிடமே வாங்கினால், அவர் நிறுத்தும் அன்று கடையும் நின்றுவிடும்.

கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக் கொடுக்கவே கூடாது. யார் நிரப்பினாலும், கையெழுத்து உங்களுடையது என்றால் அது கடனுக்குக் கொடுத்த செக் என்றே செக் மோசடி வழக்கில் முதலில் எடுத்துக்கொள்வார்கள் என்பதை உச்ச நீதிமன்றம் 2019-ல் தெளிவாக்கிவிட்டது. இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். ஒவ்வொரு பில்லுக்கும் அந்தத் தொகையை எழுதி, கிராஸ் செய்து, கெடு தேதியிட்ட செக் தருகிறேன் என்று சொல்லுங்கள். அப்போதும் அந்தத் தேதியில் வங்கியில் பணம் இருக்க வேண்டும்.

ரொக்கத்துக்கு 2 சதவீதம் தள்ளுபடி என்று சொல்பவர்களும் உண்டு. சிறிய எண்ணாகத் தெரியும். 98 ரூபாய் கொடுக்க வேண்டியதை 21 நாள் தள்ளி வைக்க 2 ரூபாய் கட்டுகிறீர்கள் என்று வருடக் கணக்கில் பார்த்தால் 35 சதவீத வட்டி. வங்கியில் 12 சதவீதத்துக்கு கேஷ் கிரெடிட் எடுத்தாலும் அந்த 21 நாளுக்கு 70 பைசாதான் ஆகும். ஆகவே காவல் பணம் போக உபரி இருந்தால், அதை முதலில் ரொக்கத் தள்ளுபடிக்குப் பயன்படுத்துங்கள்.

பத்துக்கு ஒன்று இலவசம் என்ற ஸ்கீம் அப்படியல்ல. அட்டை 60 ரூபாய் என்று வையுங்கள். உங்கள் கடையில் மாதம் இரண்டு அட்டைதான் போகிறது. 600 ரூபாய் கொடுத்து 11 அட்டை எடுத்தால் அது தீர ஐந்தரை மாதம் ஆகும். 60 ரூபாய் லாபத்துக்காக 480 ரூபாயை முன்கூட்டியே பூட்டி வைக்கிறீர்கள். நடுவில் டாக்டர் பிராண்டை மாற்றிவிட்டால் ஐந்து அட்டை, 300 ரூபாய் நிற்கும். ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும் மருந்துக்கு மட்டும் ஸ்கீம் எடுங்கள்.

எக்ஸ்பைரி சரக்கைத் திரும்ப எடுப்பார்களா என்பதையும் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். காலாவதிக்கு எத்தனை மாதம் முன்பு அல்லது பின்பு வரை எடுப்பார், கிரெடிட் நோட் எப்போது வரும் என்று கேளுங்கள். நறுக்கிய அட்டையை எடுக்க மாட்டேன் என்பவர்கள் அதிகம், இன்சுலின் போன்ற ஃப்ரிட்ஜ் சரக்கு திரும்பாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட் நோட் கைக்கு வரும்முன் அந்தத் தொகையை நீங்களாகவே பில்லில் கழித்துக் கட்டாதீர்கள். அவர் கணக்கில் அது பாக்கியாக நிற்கும், அடுத்த பில் மாட்டும்.

கல்லாப் பணம் உங்கள் பணமாகத் தெரிவதுதான் பெரிய ஆபத்து. 6,000 வியாபாரமான இரவில் 4,900 ரூபாயைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். அது ஸ்டாக்கிஸ்ட் பணம். மிச்சம் 1,100, மாதத்துக்கு 33,000. வாடகை 8,000, கரண்ட் 3,500, உதவி ஆள் 10,000 போக 11,500 நிற்கும். எதிர்க்கடை 10 சதவீதம் தள்ளுபடி தருகிறது என்று நீங்களும் எல்லாருக்கும் கொடுத்தால் மாதம் 18,000 போய்விடும். 11,500 லாபம் 6,500 நஷ்டமாகும். அரசு விலை நிர்ணயித்த மருந்துகளில் உங்களுக்குரிய லாபம் வாங்கும் விலையின் மேல் 16 சதவீதம், விற்பனையில் பார்த்தால் 14 சதவீதத்துக்குக் கீழே. அதில் 10 கொடுத்தால் என்ன மிஞ்சும்? தள்ளுபடி தருவதென்றால் மாதாமாதம் மொத்தமாக வாங்கும் பிரஷர், சுகர் வாடிக்கையாளருக்கு, லாபம் அதிகமுள்ள பொருளில் மட்டும்.

அக்கம்பக்கத்துக்காரர்கள் நோட்டில் எழுதச் சொல்வார்கள், மறுக்கவும் முடியாது. அந்த நோட்டில் 20,000 ரூபாய் நின்றால், 4,900 அடக்கத்தில் அது நாலு நாள் சரக்கு. உங்கள் 21 நாள் கடன் 17 நாளாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு குடும்பத்துக்கு 1,000 ரூபாய், சம்பளத் தேதியில் தீர்க்க வேண்டும் என்று எல்லை வையுங்கள்.

ஒரு வாரம் பணம் பற்றாவிட்டால், கெடு வரும்முன் நீங்களே போன் செய்யுங்கள். "அண்ணே, புதன்கிழமை பில்லுக்கு வெள்ளிக்கிழமை போட்டுடுறேன்" என்று தேதி சொல்லுங்கள். நாலு பில் பாக்கி இருந்தால் நாலுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கட்டாமல் பழைய பில் ஒன்றை முழுதாகக் கட்டி, கட்டிய பில் நம்பரை வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். அவருடைய கணினியில் உங்கள் பெயரைப் பூட்டுவது பழைய பில்லின் வயதுதான்.