பவர் பிரஸ் பாதுகாப்புக் குறிப்பை எளிய தமிழில் எழுதும்போது எச்சரிக்கை நீர்த்துப்போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் பட்டறை பவர் பிரஸ்ஸின் ஆங்கிலப் பாதுகாப்புக் குறிப்பைத் தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எளிமையாக எழுதினால் எச்சரிக்கையின் வேகம் குறைகிறது. எப்படி எழுதுவது?

பதில்:

முதலில் மெஷினைப் பாருங்கள், அப்புறம் வாக்கியத்துக்கு வரலாம். பெடலை மிதித்து ஓட்டும் சி-ஃபிரேம் பிரஸ் என்று வைத்துக்கொள்கிறேன். டையில் சிக்கிய தகட்டை எடுப்பதுதான் வேலை. மோட்டாரை நிறுத்திய உடனே ஆபத்து போய்விடாது. ஃப்ளைவீல் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றும். அந்த நேரத்தில் யாராவது பெடலை மிதித்தால் கிளட்ச் பிடித்து, கரண்ட் இல்லாமலே ராம் இறங்கும். பிரேக் தேய்ந்திருந்தால் பெடலைத் தொடாமலே கூட ராம் தன் எடையில் கீழே நழுவும். எழுதுகிறவருக்கு இது தெரியாவிட்டால் எந்தச் சொல் முக்கியம் என்பதும் தெரியாது.

கையேட்டில் 'ஃப்ளைவீல் முழுவதும் நிற்கும் வரை டைக்குள் கை விடக் கூடாது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். எளிமையாக்குகிறேன் என்று பலர் இதை 'ஃப்ளைவீல் நின்ற பிறகு டையைத் தொடலாம்' என்று எழுதிவிடுகிறார்கள். படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் தடை அனுமதியாகிவிட்டது. ஃப்ளைவீல் நின்றால் மட்டும் போதும் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். ராமுக்குக் கீழே கட்டை வைக்க வேண்டும் என்பது அவர் மனதில் வராது. அதனால் தடையைத் தடையாகவே எழுதுங்கள். அதற்கு 'கூடாது' சரியாக இருக்கும். 'வேண்டாம்' என்றால் யோசனை சொல்வது போல ஆகிவிடும்.

அடுத்தது 'காயம் ஏற்படலாம்' என்ற முடிவு. வலு குறைவது பெரும்பாலும் இங்கேதான். கையேட்டுக்காரர் 'நேரக்கூடும்' என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு முறையும் ராம் இறங்கும் என்று அவரால் சொல்ல முடியாது. ஆனால் இறங்கினால் என்ன ஆகும் என்பதில் சந்தேகமே இல்லை. எனவே அந்த நிச்சயமின்மையை 'ஆல்' பக்கம் நகர்த்திவிடுங்கள்: 'ராம் இறங்கினால் விரல் துண்டாகும்.' இதில் மிகைப்படுத்தலும் இல்லை, தயக்கமும் இல்லை. வலு வேண்டுமென்று எல்லா வரிக்கும் 'அபாயம்' என்று தலைப்புப் போடாதீர்கள். டேஞ்சர், வார்னிங், காஷன் என்று கையேடு மூன்று படியாகப் பிரித்திருந்தால் அந்தப் படிகளைத் தமிழிலும் காப்பாற்றுங்கள்: அபாயம், எச்சரிக்கை, கவனம். எல்லாமே அபாயம் என்றால் உண்மையான அபாயம் கண்ணில் படாது.

'மின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும்' போன்ற வரிகளும் ஆகாது. யார் துண்டிப்பது? எலக்ட்ரீஷியன் செய்திருப்பார் என்று ஆபரேட்டர் நினைப்பார், ஆபரேட்டர் செய்திருப்பார் என்று எலக்ட்ரீஷியன் நினைப்பார். ஆளைச் சொல்லுங்கள். 'கை வைக்கப் போகிறவரே' என்பதன் கடைசியில் வரும் 'ஏ' என்ற ஒற்றை எழுத்து இங்கே பெரிய வேலை செய்யும்.

நான் எழுதினால் இப்படி இருக்கும்:

எச்சரிக்கை: மோட்டார் நின்ற பிறகும் ராம் இறங்கும். இறங்கினால் விரல் துண்டாகும்.
1. மெயின் ஐசோலேட்டரை ஆஃப் செய்யுங்கள். எமர்ஜென்சி சுவிட்சை மட்டும் அழுத்திவிட்டு வேலை செய்யக் கூடாது.
2. டையில் கை வைக்கப் போகிறவரே ஐசோலேட்டரில் தன் பூட்டைப் போட வேண்டும். சாவி அவரிடமே இருக்க வேண்டும்.
3. ஃப்ளைவீல் முழுவதும் நிற்கும் வரை காத்திருங்கள். நின்றுவிட்டதைக் கண்ணால் பாருங்கள். பெடலை மிதிக்கக் கூடாது.
4. ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். மோட்டார் ஓடினால் வேலையைத் தொடங்கக் கூடாது.
5. பாதுகாப்புக் கட்டையைக் கைப்பிடியில் பிடித்து ராமுக்குக் கீழே வையுங்கள். கட்டை வைக்கும் வரை டைக்குள் கை விடக் கூடாது.

விளைவு முதல் வரியிலேயே வந்துவிட்டதைக் கவனியுங்கள். தமிழில் வினை கடைசியில்தான் வரும். வாக்கியம் நீண்டால் 'கூடாது' என்பதைப் படிப்பதற்குள் கை உள்ளே போயிருக்கும். அதனால்தான் இவ்வளவு சின்ன வாக்கியங்கள். பாதுகாப்புக் கட்டை என்பது ராம், மேல் டை இரண்டின் எடையையும் தாங்கும்படி அந்த பிரஸ்ஸுக்கென்றே செய்தது. கிடைத்த மரத்துண்டு ஆகாது. அந்தக் கட்டையும் எடையைத்தான் தாங்கும், ஓடும் பிரஸ்ஸின் அடியைத் தாங்காது. பூட்டும் கட்டையும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதற்கு அதுதான் காரணம். இதைக் குறிப்பிலும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும், பூட்டிய பிரஸ் முன்னால் ஒரு ஆபரேட்டரை நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள். 'புரிந்ததா அண்ணே?' என்று கேட்டால் தலையாட்டிவிடுவார். 'ஃப்ளைவீல் நின்னுடுச்சு, இப்ப என்ன செய்வீங்க?' என்று கேளுங்கள். 'தகட்டை எடுப்பேன்' என்று பதில் வந்தால் மூன்றாவது படியிலிருந்து திருத்தி எழுதுங்கள்.