தமிழ்வழியில் படித்த பெண்ணுக்கு ஸ்போக்கன் கிளாஸ் போதாது

திண்டிவனம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்த பெண்ணின் அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்கு இயற்பியல்தான் உயிர். தாய்மாமாவோ, தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிடலாம், இங்கிலீஷுக்கு ஸ்போக்கன் கிளாஸ் போதும் என்கிறாராம். "இங்கிலீஷில் பாடம் நடத்தினால் தாங்குவாளா?" என்பது அம்மாவின் பயம்.

பயம் நியாயமானதுதான் அம்மா. ஆனால் கடன் வாங்கி அந்த சீட்டை வாங்காதீர்கள். நாளைக்கு அவளே இன்ஜினியரிங் கேட்டாலும், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கவுன்சலிங்கில் போகலாம். கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அது கிடையாது. இப்போது அவள் கேட்பது இயற்பியல். அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேருங்கள்.

ஸ்போக்கன் கிளாஸில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்லித்தருவார்கள். வகுப்பில் அவள் தடுமாறப்போவது அங்கே இல்லை. முடுக்கம் அவளுக்கு அத்துப்படி. 'ஆக்ஸிலரேஷன்' காதில் விழும்போது அது இதுதான் என்று பிடிபட ஒரு நொடி ஆகும், அதற்குள் ஆசிரியர் அடுத்த வரிக்குப் போயிருப்பார்.

இதற்கு மருந்து கையிலேயே இருக்கிறது. மாநிலப் பாடநூலின் தமிழ்வழி, ஆங்கிலவழிப் புத்தகங்களில் பாடம், வரிசை, படம், கணக்கு எல்லாம் ஒன்றேதான். பிளஸ் ஒன் ஆங்கிலவழி இயற்பியல் புத்தகத்தை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இயக்கவியல் பாடத்தில் ஆரம்பிக்கட்டும்; v = u + at இரண்டு புத்தகத்திலும் அப்படியேதான் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு சுற்றியுள்ள வாக்கியங்களைப் படிக்கலாம். தினம் இரண்டு பக்கம்: முதலில் தமிழில், அப்புறம் ஆங்கிலத்தில். புதுச் சொற்களை நோட்டில் எழுதிவிட்டு, இரண்டு புத்தகத்தையும் மூடி, சமன்பாடு எப்படி வந்தது என்று நாலு வரி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எழுதத் திணறினால் அதே கேள்வியைத் தமிழில் கேளுங்கள். சரியாகச் சொன்னால் குறை மொழியில் மட்டும்தான். சொல்லவில்லை என்றால் பாடத்தையே திரும்பப் படிக்க வேண்டும்.

புதிதாகச் சேருபவர்களைக் கல்லூரிப் பாடத்துக்குத் தயார்படுத்தும் பிரிட்ஜ் வகுப்பு கல்லூரியில் உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். யார் எடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஆங்கிலத் துறை இலக்கணம் நடத்துவதால் மட்டும் இவளுக்குப் பயனில்லை, இயற்பியல் ஆசிரியரும் வர வேண்டும்.

தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். இங்கே அந்தச் சலுகை மாற்றுத்திறனாளிகளுக்கானது, தமிழ்வழியில் வந்தவர்களுக்கு இல்லை. அதனால் முதல் இன்டர்னல் தேர்வுக்கு முன்பே கடிகாரம் வைத்து எழுதிப் பழக வேண்டும். ஆங்கிலவழிப் பாடமானாலும் உள்ளூர் மொழியில் தேர்வெழுத அனுமதிக்கும்படி 2023-இல் யுஜிசி பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் கல்லூரியில் அது நடைமுறையில் உண்டா என்று துறைத்தலைவரிடம் கேட்டுவிடுங்கள்.

அதே கல்லூரியில் தமிழ்வழி இயற்பியல் பிரிவும் இருந்தால் அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். பட்டப்படிப்புத் தகுதியுள்ள அரசு வேலைகளில் தமிழ்வழிக்கான 20 சதவீத ஒதுக்கீடு வேண்டுமானால், பட்டமும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். எந்தப் பிரிவு என்பதை அவளே முடிவு செய்யட்டும்.