பருப்பும் சோறும் ஒரே கோப்பையிலதான் இருக்கவேணுமோ?

கேள்வி: டொக்டர், அம்மாவுக்கு 56 வயசு, 50 கிலோ. மச்சம் விட்டு 2 வருசமாகுது. காலமை புட்டும் சம்பலும், மத்தியானம் சோறு பருப்பு ஒரு மரக்கறி, இரவு ரொட்டி. இப்ப சட்டையெல்லாம் தொளதொளக்குது. பருப்பை சோத்தோட ஒரே நேரத்தில சாப்பிட்டாத்தான் முழுப் புரோட்டீன் கிடைக்கும் எண்டு ஒராள் சொன்னவ, உண்மையோ? (கிளிநொச்சி)

பதில்: இல்லைத் தங்கச்சி, ஒரே கோப்பையில இருக்கவேணும் எண்டில்லை. ஒரு நாளைக்குள்ள ரெண்டும் வயித்துக்குள்ள போனாச் சரி. அந்தக் கதை முந்திக் கொஞ்சக்காலம் படிச்ச ஆக்களே சொல்லித் திரிஞ்ச கதைதான், பிறகு கைவிட்டிட்டினம்.

விசயம் என்னெண்டால், புரோட்டீனைக் கட்டுற அமினோ அமிலங்களில 9 வகையை எங்கட உடம்பால செய்ய ஏலாது, சாப்பாட்டிலயிருந்துதான் வரவேணும். அரிசியிலயும் கோதம்ப மாவிலயும் லைசின் எண்ட ஒண்டு குறைவு, பருப்பு பயறு கௌபி உழுந்தில அது தாராளம், ஆனா அதுகளில மெத்தியோனின் குறைவு, அதை அரிசி குடுக்கும். காலமை சாப்பிட்ட புட்டு சமிச்சு வாற அமினோ அமிலம் உடனே கரைஞ்சு போறேல்ல, குடலும் தசையும் தங்கட பழைய புரோட்டீனை உடைச்சு திரும்பக் கட்டிக்கொண்டே இருக்கிறதால கொஞ்சம் எப்பவும் கையிருப்பில இருக்கும், அதோட மத்தியானப் பருப்பு வந்து சேரும்.

அப்ப அம்மா ஏன் மெலியிறா? எனக்குச் சந்தேகம் பருப்பின்ட அளவிலதான். வீட்டில எத்தினை பேர், 250 கிராம் பருப்பு எத்தினை நாளைக்கு வருது எண்டு ஒருக்காப் பாருங்கோ. அஞ்சு பேருக்கு ரெண்டரை நாள் வந்தால் ஆளுக்கு நாளைக்கு 20 கிராம்தான், மிச்சமெல்லாம் தேங்காய்ப்பாலும் தண்ணியும். கறி மஞ்சளாக் கோப்பை நிறையத் தெரியும், அதுக்குள்ள புரோட்டீன் 5 கிராம் கூட இராது.

கணக்குப் பாப்பம். 50 கிலோ ஆளுக்கு நாளைக்குக் கிட்டத்தட்ட 42 கிராம் புரோட்டீன் வேணும், லைசின் மட்டும் ஒண்டரைக் கிராம். காலமை 100 கிராம் அரிசிமாப் புட்டு, மத்தியானம் 150 கிராம் அரிசிச் சோறு, இரவு 80 கிராம் மா ரொட்டி எண்டு வச்சால் 25 கிராம் புரோட்டீன்தான் வருது, லைசின் தேவையில அரைவாசி. அந்த 20 கிராம் பருப்பைச் சேர்த்தாலும் 30 கிராம், லைசினும் காணாது. அதையே பருப்பு 60 கிராமும் பின்னேரம் 30 கிராம் பயறு அவிச்சும் எண்டு மாத்தினால் 46 கிராமுக்குப் போகும், லைசின் மிஞ்சிப்போகும். எல்லாம் சமைக்க முதல் நிறை, அவிச்ச பிறகு நிறுத்துப்போட்டு என்னோட சண்டைக்கு வராதேங்கோ.

வீட்டில எல்லாருக்கும் 60 கிராம் போட காசு கட்டாதெண்டால் அம்மாவுக்கு மட்டும் அடியில இருக்கிற தடிப்பை அள்ளி வையுங்கோ. எங்கட அம்மாமார் எல்லாருக்கும் போட்டு முடிச்சு சட்டியை வழிச்சுத்தான் தாங்கள் சாப்பிடுவினம், அதையும் கவனியுங்கோ. புட்டுக்கு அரிசிமாவோட வறுத்த உழுந்துமாக் கலந்தாலும் நல்லது. சம்பல் பருப்புக்குப் பதிலில்லை, தேங்காயில புரோட்டீன் கொஞ்சம்தான். மரவள்ளி அவிக்கிற நாளில இன்னும் கவனம், கிழங்கில 100 கிராமுக்கு ஒண்டரைக் கிராம் அளவுதான், அண்டைக்குப் பருப்பையோ கௌபியையோ விடாதேங்கோ. திடீரெண்டு கூட்டினா வயிறு ஊதும், ஒரு கிழமையில மெல்ல மெல்லக் கூட்டுங்கோ, பயறை இரவே ஊறப்போட்டு அந்தத் தண்ணியை ஊத்திவிடுங்கோ.

ஆனா கூட்ட முதல் ஒரு வேலை. வவுனியாப் பக்கமும் சிறுநீரக வருத்தக்காரர் இருக்கினம், சிலருக்கு ஒண்டும் தெரியாமலே இருக்கும். அவைக்கு புரோட்டீனைக் கூட்டுறது அவையைப் பாக்கிற டொக்டரைக் கேட்டுத்தான். அதால கிட்டடி ஆஸ்பத்திரியில கிரியேற்றினின் இரத்தப் பரிசோதனையும் சீனியும் பாருங்கோ, நிறையையும் எழுதி வையுங்கோ. சாப்பாடு கூடியும் ரெண்டு மாசத்தில இன்னும் இறங்கினா, இல்லாட்டி பசியே இல்லையெண்டால், பருப்பு விசயத்தை விட்டிட்டு வேற காரணம் தேடவேணும், தைரொயிட், சயரோகம் எல்லாம் பாக்கோணும். பாலும் தயிரும் எடுக்கிறவவோ எண்டு நீங்கள் எழுதேல்ல. எடுக்கிறேல்லையெண்டால் வைட்டமின் பி12 குளிசையும் கேளுங்கோ, எவ்வளவு பருப்பு சாப்பிட்டாலும் அதுக்குள்ள அது இல்லை.