டி.சி. கேட்கும் கடிதத்தில் பெயரும் வகுப்பும்

"ஐயா, வணக்கம். மே மாதம் குடும்பத்தோடு துபாய்க்கு வருகிறோம். மகன் மதுரையில் மெட்ரிக் பள்ளியில் 4-ஆம் வகுப்பு படிக்கிறான். டி.சி. கேட்டு முதல்வருக்கு என்ன எழுதுவது? 'வெளிநாடு செல்வதால் மாற்றுச் சான்றிதழ் தரவும்' என்று இரண்டு வரி போதாதா?"

வணக்கம் தம்பி. நானும் மகளுக்காக அப்படி இரண்டு வரி எழுதிக் கொடுத்தவன்தான். பள்ளியும் மறுநாளே சான்றிதழைத் தந்துவிட்டது. இங்கு வந்து சேர்க்கைக்கு நீட்டியபோதுதான், மேல் வகுப்புக்குத் தேர்ச்சி பெற்றாளா என்ற பத்தி வெறுமையாக இருப்பதையும், மகளின் பெயருக்கு முன் என் முன்னெழுத்து மட்டுமே இருப்பதையும் கண்டார்கள். இந்தியாவில் வழங்கப்பட்ட சான்றிதழுக்கு இந்தியாவிலேதான் முதலில் மேலொப்பம் பெற வேண்டும் என்பதால், மூலச் சான்றிதழை மதுரைக்குத் திருப்பி அனுப்பி, என் தந்தையார் அந்த வயதில் பள்ளிக்கும் அலுவலகங்களுக்கும் அலைந்தார். அந்த அலைச்சல் உங்கள் வீட்டாருக்கு வரக்கூடாது என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பாருங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் 'ரா. கவின்' என்று இருக்கும். கடவுச்சீட்டிலோ தந்தை பெயரும் சேர்ந்து 'கவின் ராஜேந்திரன்' என்று முழுமையாக இருக்கும். நமக்கு இரண்டும் ஒரே பிள்ளைதான் என்று பார்த்தவுடன் விளங்கும். முன்னெழுத்து வழக்கத்தை அறியாத ஓர் எழுத்தருக்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். பதிவேட்டில் உள்ளதைத்தான் முதல்வர் சான்றிதழில் எழுத முடியும். நீங்கள் கேட்டாலும் அவரால் மாற்றி எழுத இயலாது. ஆகவே டி.சி. கேட்பதற்கு முன்பே, பிறப்புச் சான்றிதழையும் கடவுச்சீட்டு நகலையும் இணைத்து, பதிவேட்டைத் திருத்தக் கோரி தனி விண்ணப்பம் கொடுங்கள். அதற்குக் காலம் போதாதென்றால், இரு பெயர்களும் ஒரே மாணவரைக் குறிப்பவை என்று பள்ளித் தாளில், முத்திரையுடன் ஒரு சான்றுக் கடிதம் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்தது தேதி. ஆண்டுத் தேர்வுக்கு முன் வழங்கப்படும் சான்றிதழில் '4-ஆம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கிறார்' என்றுதான் இருக்கும். அதைக் கொண்டு இங்கே 5-ஆம் வகுப்பில் இடம் கேட்பது கடினம். கடைசி வேலை நாளும் தேர்ச்சி முடிவும் வந்த பிறகே சான்றிதழ் வழங்கும்படி கேளுங்கள். ஆனால் கடிதத்தை மார்ச் மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள். டி.சி. வழங்கியதும் பிள்ளையின் பெயர் பள்ளியிலிருந்து நீங்கிவிடும் என்பதால், விசாவும் இங்குள்ள பள்ளியில் இடமும் உறுதியாகும் வரை அதைக் கையில் வாங்காதீர்கள். நீங்கள் மேயில் வருவதால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: இங்கே இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலிலேயே தொடங்கிவிடும்; பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளில் ஆகஸ்ட் இறுதியில்தான் தொடங்கும்.

கடிதத்தின் உடல் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, தங்கள் பள்ளியில் 4-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவில் பயிலும் என் மகன் (பெயர், சேர்க்கை எண்) இக்கல்வியாண்டின் இறுதி வேலை நாள் வரை பள்ளிக்கு வருவார். என் பணியின் காரணமாக எங்கள் குடும்பம் மே மாதம் ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் குடிபெயர்வதால், அதன்பின் அவரை அங்குள்ள பள்ளியில் சேர்க்க வேண்டியுள்ளது. எனவே, தேர்வு முடிவுகள் வெளியான பின், அவர் தேர்ச்சி பெற்று 5-ஆம் வகுப்புக்கு உயர்த்தப்பட்ட விவரம் குறிப்பிடப்பட்ட மாற்றுச் சான்றிதழை வழங்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன். பெயரும் பிறந்த தேதியும் இணைப்பிலுள்ள கடவுச்சீட்டு நகலோடு ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்த்து உதவ வேண்டுகிறேன். இச்சான்றிதழை அமீரகத் தூதரகச் சான்றொப்பத்துக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், தங்கள் கையொப்பத்துடன் பெயர், பதவி, பள்ளி முத்திரை ஆகியவை தெளிவாக இருக்குமாறும், கல்வி அலுவலரின் மேலொப்பம் பெற வழிகாட்டுமாறும் கேட்டுக்கொள்கிறேன். கட்டணங்கள் அனைத்தையும் செலுத்திவிட்டேன். ரசீது நகலை இணைத்துள்ளேன்."

தூதரகச் சான்றொப்பம் பற்றிய வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகம் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இல்லாததால், அதில் சேர்ந்த நாடுகளில் ஆவணத்தை ஒரே சான்றில் ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் முத்திரை மட்டும் இங்கே செல்லாது. கல்வித் துறையின் மேலொப்பம், பின்னர் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், அதன்பின் அமீரகத் தூதரகத்தின் சான்றொப்பம், கடைசியாக இங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செல்ல வேண்டும். முதல் கையொப்பம் தெளிவில்லாமல் போனால், அடுத்த இடத்தில் அதைச் சரிபார்க்க வழியில்லாமல் திருப்பிவிடுவார்கள்.

கடிதத்தை இரண்டு படிகளாக எழுதி, ஒன்றில் அலுவலக முத்திரையும் பெற்ற தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும், அலுவலகத்தை விட்டு வெளியேறும் முன்பே கடவுச்சீட்டை அருகில் வைத்து, பெயர், பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும், தாய் தந்தை பெயர்கள், உயர்த்தப்பட்ட வகுப்பு ஆகியவற்றை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்திப் புதிதாகக் கேளுங்கள். அடித்து எழுதிய சான்றிதழை எந்த அலுவலகமும் ஏற்காது.