பேக்டெஸ்டில் லாபம், லைவில் நஷ்டம்: முதலில் லைவ் ஓடிய நாட்களுக்கே பேக்டெஸ்ட் ஓட்டுங்கள்

கேள்வி: பைத்தானில் முதல்முறையாக ஒரு இன்ட்ராடே அல்கோ எழுதினேன். மூன்று வருட டேட்டாவில் பேக்டெஸ்ட் செய்தபோது நல்ல லாபம் வந்தது. லைவில் இரண்டு மாதமாக ஓட்டுகிறேன், தொடர்ந்து நஷ்டம்தான். மார்க்கெட் மாறிவிட்டதா, என் கோடில் தவறா, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

இதே நிலையில் 2023-ல் நான் இருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டாப்லாஸை மாற்றினேன், நேரத்தை மாற்றினேன், பங்குகளை மாற்றினேன். மூன்று வாரம் அதிலேயே போனது. கடைசியில் வழி காட்டியது ஒரே ஒரு வேலைதான்: லைவ் ஓடிய அதே நாட்களுக்கு, அதே பங்குகளுக்கு, பேக்டெஸ்டை மறுபடி ஓட்டுவது.

இதில் வரும் விடை இரண்டில் ஒன்றுதான். அந்த நாட்களில் பேக்டெஸ்டும் நஷ்டம் காட்டினால், கோடும் ஆர்டரும் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன. உத்தி பழைய டேட்டாவுக்கு அளவெடுத்துத் தைத்ததாக இருக்கலாம், அல்லது இது ஒரு மோசமான காலமாக இருக்கலாம். மாறாக, நீங்கள் பணம் இழந்த அதே நாட்களில் பேக்டெஸ்ட் லாபம் காட்டினால், மார்க்கெட்டைக் குறை சொல்ல இடமில்லை. இரண்டும் பார்த்தது ஒரே மார்க்கெட்டைத்தான்.

எனக்கு இரண்டாவது விடை வந்தது. உத்தி எளிமையானது. காலை 9:15 முதல் 9:30 வரை பங்கு தொட்ட உச்சமும் அடியும்தான் ரேஞ்ச். அதன் பிறகு ஐந்து நிமிட கேண்டில் ஒன்று உச்சத்துக்கு மேல் முடிந்தால் வாங்க வேண்டும். ரேஞ்சின் அடிக்குக் கீழே முடிந்தால் விற்று வெளியேற வேண்டும். எதுவும் நடக்காவிட்டால் 3:10-க்கு விற்றுவிட வேண்டும். ஒரு டிரேடுக்குச் சுமார் 1 லட்சம் ரூபாய். மூன்று வருட பேக்டெஸ்டில் டிரேடுக்குச் சராசரி 214 ரூபாய் லாபம். லைவில் 61 டிரேடுகளுக்குப் பின் சராசரி 47 ரூபாய் நஷ்டம்.

அந்த 61 டிரேடுகளையும் பேக்டெஸ்ட் எடுத்த டிரேடுகளையும் ஒரு எக்செல் ஷீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். லாப நஷ்டத்தைப் பார்ப்பதற்கு முன் எண்ணிக்கையைப் பாருங்கள். என் பேக்டெஸ்ட் அந்த நாட்களில் 52 டிரேடுகளே எடுத்திருந்தது. 49 இரண்டு பக்கமும் இருந்தன. மூன்று டிரேடுகள் பேக்டெஸ்டில் மட்டும். பன்னிரண்டு லைவில் மட்டும்.

அந்தப் பன்னிரண்டும் எங்கிருந்து வந்தன? லைவில் என் கோட் சில வினாடிகளுக்கு ஒருமுறை டிக் டேட்டாவிலிருந்து கேண்டில்களைக் கட்டி, கடைசி கேண்டிலைப் பார்த்து முடிவெடுத்தது. ஆனால் 10:02-க்குப் பார்க்கும்போது 10:00 என்று பெயரிட்ட கேண்டில் இன்னும் முடியவே இல்லை. விலை ஒரு கணம் உச்சத்தைத் தாண்டியதும் வாங்கிவிட்டது. 10:05-க்கு அந்தக் கேண்டில் முடியும்போது விலை மறுபடி உள்ளே வந்திருந்தது. பழைய டேட்டாவில் முடிந்த கேண்டில்கள் மட்டுமே இருப்பதால், இப்படித் தோன்றி மறைந்த சிக்னல்கள் பேக்டெஸ்டின் கண்ணில் படவே இல்லை. pandas-ல் `resample` செய்தால் கேண்டிலுக்குத் தொடக்க நேரமே பெயராக விழும் என்பதும் குழப்பத்தைக் கூட்டும். 9:30 என்று எழுதியிருக்கும் கேண்டிலின் முடிவு விலை 9:35-க்குத்தான் யாருக்கும் தெரியும். தீர்வு சுலபம், ஓடிக்கொண்டிருக்கும் கேண்டிலை விட்டுவிட வேண்டும்:

```python
bars = ticks["price"].resample("5min").ohlc()
bars = bars.iloc[:-1]   # முடியாத கடைசி கேண்டில் வேண்டாம்
```

சரி, மீதி 49 டிரேடுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றனவே, அவற்றில் ஏன் வித்தியாசம்? பெரிய ஓட்டை இங்கேதான் இருந்தது. உங்கள் கோடிலும் முதலில் இதைத் தேடுங்கள்.

```python
df["ret"] = df["close"].pct_change()
df["pnl"] = df["signal"] * df["ret"]            # தவறு
df["pnl"] = df["signal"].shift(1) * df["ret"]   # சரி
```

`signal` ஒரு கேண்டிலின் முடிவு விலையைப் பார்த்த பிறகு பிறக்கிறது. அதே வரிசையில் உள்ள `ret` அந்தக் கேண்டில் ஏறிய ஏற்றம். இரண்டையும் நேரடியாகப் பெருக்கினால், ஏற்றம் முடிந்த பிறகு வந்த சிக்னலுக்கு அந்த ஏற்றத்தையே லாபமாகக் கொடுக்கிறோம். பிரேக்அவுட் உத்தியில் இது மிக மோசமாக வேலை செய்யும். ஏனென்றால் சிக்னல் தரும் கேண்டில், இயல்பாகவே நமக்குச் சாதகமாக நகர்ந்த கேண்டில்.

வெளியேறும்போதும் இதே தவறு நடக்கிறது என்பதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. விலை ரேஞ்சின் அடியை உடைத்து இறங்கும் கேண்டிலில் `signal` பூஜ்யம் ஆகிவிடுகிறது. எனவே அந்தக் கேண்டிலின் இறக்கம் கணக்கிலேயே வராது. உள்ளே வரும் ஏற்றமும் நமக்கு, வெளியே போகும் இறக்கமும் நமக்கில்லை.

முடியாத கேண்டில் பிரச்சினையைத் திருத்திய பிறகு எடுத்த ஒரு டிரேடை அப்படியே சொல்கிறேன். ரேஞ்ச் 634 முதல் 640 வரை. 10:05 கேண்டிலுக்கு முந்தைய முடிவு விலை 639.10, அந்தக் கேண்டில் முடிந்தது 641.60-ல். தவறான கோடின் கணக்கில் நான் வாங்கிய விலை 639.10. உண்மையில் 10:10-க்கு மேல் ஆர்டர் போய் 641.95-க்குக் கிடைத்தது. பிற்பகலில் 634.40-ல் இருந்த விலை, அடுத்த கேண்டிலில் 632.90-ல் முடிந்து ரேஞ்சை உடைத்தது. பேக்டெஸ்டின் கணக்கில் விற்றது 634.40, நான் விற்றது 632.70. 156 பங்குகள். பேக்டெஸ்ட் 733 ரூபாய் நஷ்டம் காட்டிய இடத்தில், விலை வித்தியாசத்தால் மட்டும் எனக்கு 1,443 ரூபாய் போனது. அதற்கு மேல் கட்டணங்கள்.

`shift(1)` சேர்த்து மூன்று வருடத்தையும் மறுபடி ஓட்டியதும், 214 ரூபாய் 96 ஆனது. இந்தத் தவறு இருக்கிறதா என்று கோடைப் படிக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உங்கள் கோட் இப்போது இருக்கும் நிலைக்கு மேல், `signal`-ஐக் கூடுதலாக `shift(0)`, `shift(1)`, `shift(2)` என்று தள்ளி மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடத் தாமதம் உத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெடுக்க வேண்டும். எனக்கு 214, 96, 88 என்று வந்தது. முதல் படியில் மட்டும் இப்படிச் சரிந்தால் எதிர்காலத் தகவல் உள்ளே கசிகிறது என்று அர்த்தம். இரண்டாவது படியிலும் லாபம் சரிந்தால் அது வேறு விஷயம்: உத்தியின் லாபம் முழுக்க முதல் சில நிமிடங்களில் இருக்கிறது, நம் வேகத்துக்கு அது கையில் சிக்காது.

அப்புறம் கட்டணங்கள். நான் பேக்டெஸ்டில் எதையும் கழிக்கவே இல்லை. 1 லட்சம் ரூபாய்க்கு வாங்கி அன்றே விற்றால் உண்மையில் ஆகும் செலவு இது: ஆர்டருக்கு 20 ரூபாய் வீதம் புரோக்கரேஜ் 40, விற்கும் பக்கம் எஸ்டிடி 0.025 சதவீதம், அதாவது 25. எக்ஸ்சேஞ்ச் கட்டணம் இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 6. வாங்கும் பக்கம் முத்திரைத் தீர்வை 3. புரோக்கரேஜுக்கும் எக்ஸ்சேஞ்ச் கட்டணத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 8. மொத்தம் 82 ரூபாய். உங்களுடைய சரியான தொகையை கான்ட்ராக்ட் நோட்டில் இருந்தே எடுங்கள். ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்றால் எஸ்டிடி விகிதம் வேறு, அவ்வப்போது மாறியும் இருக்கிறது. அதனால் பழைய வருடங்களின் டிரேடுகளுக்கும் இன்றைய விகிதத்தைப் போட்டுப் பார்ப்பதுதான் நல்லது. நீங்கள் இனிமேல் செலுத்தப்போவது அதைத்தான். 96-ல் 82 போனால் எனக்கு மிஞ்சியது 14.

அந்த 14 ரூபாயை ஸ்லிப்பேஜ் எடுத்துக்கொண்டது. ஷீட்டில் சிக்னல் வந்த விலையையும் ஆர்டர் கிடைத்த விலையையும் கழித்துப் பார்த்தபோது, பக்கத்துக்குச் சராசரி 24 ரூபாய், இரண்டு பக்கமும் 48. காலை உச்சம் உடையும் இடம் எல்லோருடைய சார்ட்டிலும் தெரியும் இடம். அங்கே வாங்குபவர்கள் ஒரே நேரத்தில் குவிகிறார்கள், விற்பவர்கள் விலையை மேலே நகர்த்துகிறார்கள், நம் மார்க்கெட் ஆர்டர் மிச்சம் இருப்பதை எடுத்துக்கொள்கிறது. லிமிட் ஆர்டர் போட்டும் பார்த்தேன். ஸ்லிப்பேஜ் குறைந்தது, ஆனால் வேகமாக மேலே போன நல்ல டிரேடுகளில் ஆர்டர் கிடைக்காமலே போனது. திரும்பி இறங்கியவற்றில் தவறாமல் கிடைத்தது. விலை தொட்டாலே லிமிட் ஆர்டர் கிடைத்ததாக எண்ணும் பேக்டெஸ்டை இதனால்தான் நம்ப முடியாது. நான் விலை தாண்டிப் போனால் மட்டும் கிடைத்ததாகக் கணக்கிடுகிறேன்.

14-ல் 48 போனால் டிரேடுக்கு 34 ரூபாய் நஷ்டம். அந்தப் பன்னிரண்டு பொய்ச் சிக்னல்களையும் சேர்த்தால் லைவில் கண்ட 47-க்கு மிக அருகில் வந்துவிடுகிறது. என் உத்தி லைவில் கெட்டுப்போகவில்லை, முதல் நாளிலிருந்தே அதில் லாபம் இருந்ததில்லை. அதை நிறுத்திவிட்டேன்.

உங்களுக்கு முதல் விடை வந்தால், அதாவது பேக்டெஸ்டும் அதே நாட்களில் நஷ்டம் காட்டினால், எத்தனை விதமான எண்களை முயன்று இந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து ரேஞ்ச் நேரம், ஆறு ஸ்டாப்லாஸ், நான்கு வெளியேறும் நேரம் என்றால் 120 சேர்க்கைகள். எதிலும் சரக்கில்லாவிட்டாலும் 120-ல் முதலாவதாக வருவது அழகாகத்தான் தெரியும். பக்கத்து எண்களைப் பாருங்கள். 15 நிமிட ரேஞ்ச் லாபமும், 10-ம் 20-ம் நஷ்டமும் என்றால் அந்த 15-ஐ நம்பாதீர்கள். இன்றைய நிஃப்டி 50 பட்டியலை எடுத்து மூன்று வருடம் பின்னோக்கி ஓட்டியிருந்தாலும் முடிவு மிகையாகத் தெரியும். நன்றாக ஏறியதால் பட்டியலுக்குள் வந்த பங்குகளை முன்கூட்டியே தெரிந்து வாங்கியது போல ஆகிவிடும்.

இதையெல்லாம் செய்ய லைவில் நான்கு விஷயம் பதிவாகியிருக்க வேண்டும்: சிக்னல் வந்த நேரம், அப்போதைய விலை, ஆர்டர் அனுப்பிய நேரம், கிடைத்த விலை. கடைசி இரண்டும் புரோக்கரின் டிரேட்புக்கிலும் ஆர்டர்புக்கிலும் இருக்கும். முதல் இரண்டை உங்கள் கோட் எழுதியிருந்தால்தான் உண்டு. இல்லையென்றால் இன்றே சேர்த்துவிட்டு, ஒரே ஒரு பங்கு வீதம் வாங்கி இரண்டு வாரம் ஓட்டுங்கள். குறைந்த அளவில் புரோக்கரேஜ் விகிதம் வேறாகத் தெரியும், ஸ்லிப்பேஜும் குறைவாகவே தெரியும். ஆனால் சிக்னல் எண்ணிக்கை பொருந்துகிறதா, எந்த விலையில் உள்ளே போகிறீர்கள் என்ற இரண்டுக்கும் அது போதும்.