லாரி வரும் நேரம் வேறு, நாற்காலி தயாராகும் நேரம் வேறு

கேள்வி: முதல்முறையாக ஒரு மாநாட்டு ஏற்பாட்டைக் கவனித்துக்கொள்கிறேன். வெண்டர்களுக்குப் பொருள் பட்டியல், எண்ணிக்கை, டெலிவரி நேரம் எல்லாவற்றையும் உறுதிசெய்து மெயில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். என்ன எழுதுவது, எப்படி எழுதுவது?

பதில்:

மெயிலைத் திறப்பதற்கு முன்னால், அதை யார் படிக்கப் போகிறார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மெயில் போய்ச் சேருவது உங்களோடு விலை பேசியவருக்கு. அதை வைத்து வேலை செய்வது வேறு ஆட்கள். குடோனில் சரக்கை எண்ணி லாரியில் ஏற்றுகிறவர் ஒருவர், லாரியை ஓட்டி வருகிறவர் ஒருவர். இவர்கள் கைக்கு மெயில் போவதே இல்லை. ஆபீஸில் இருப்பவர் மெயிலின் மேல்பகுதியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவர்களுக்கு அனுப்புவார், அவ்வளவுதான். பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்துவிட்டு "இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதினால், குடோனுக்குப் போகிற ஸ்க்ரீன்ஷாட்டில் "இணைப்பைப் பார்க்கவும்" மட்டும்தான் இருக்கும். அதனால் தேதி, நேரம், பொருள், எண்ணிக்கை நான்கும் மெயிலின் உள்ளேயே, போன் திரையில் ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி மேலே வரட்டும். நன்றி, மகிழ்ச்சி எல்லாம் கீழே போகட்டும்.

அதே காரணத்துக்காகத்தான் எல்லா வெண்டர்களுக்கும் சேர்த்து ஒரே மெயில் வேண்டாம் என்கிறேன். ஆளுக்கு ஒன்று, அவருடைய பொருள் மட்டும்.

டெலிவரி நேரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் பட்டது அங்கேதான். 300 பேர் பதிவுசெய்திருந்த ஒரு மாநாடு, முதல் மாடி அரங்கம், காலை 8.30-க்குப் பதிவு தொடக்கம். ஒலி அமைப்பு, நாற்காலி, பதிவு மேஜைக்கான பொருள்கள் என்று மூன்று வெண்டர்கள். மூவருக்கும் "காலை 6 மணிக்கு டெலிவரி" என்று எழுதினேன். மூவரும் ஆறு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். ஆனால் அரங்கத்தின் பின்பக்கம் சரக்கு இறக்க ஒரு லாரிக்குத்தான் இடம். ஒலி அமைப்பு லாரி முதலில் உள்ளே போனது. கனமான பெட்டிகள், இறக்கி முடிக்க ஒன்றரை மணி நேரம். அதுவரை நாற்காலி லாரி தெருவிலேயே நின்றது. நாற்காலிகள் மேலே ஏறத் தொடங்கியபோது மணி 7.30. கடைசி வரிசையைப் போட்டு முடித்தது 9.20-க்கு. அதுவரை வந்தவர்கள் எல்லாரும் சுவரோரமாக நின்றார்கள். நாற்காலி வெண்டரிடம் கேட்டதற்கு, 5.50-க்கு வாயிலில் எடுத்த போட்டோவைக் காட்டினார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆறு மணி என்று எழுதினேன், ஆறு மணிக்கு வந்தார். நாற்காலி எப்போது வரிசையாக இருக்க வேண்டும் என்பது என் மெயிலில் எங்குமே இல்லை.

அன்று வந்தவை 320 நாற்காலிகள். பத்துப் பத்தாக அடுக்கினால் 32 அடுக்கு. ஒரு டிராலியில் ஒரு அடுக்கு, சரக்கு லிஃப்டில் இரண்டு டிராலி. ஆக 16 சுற்று. ஏறி, இறக்கி, திரும்பி வர ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம் என்றால் 80 நிமிடம். கடைசி அடுக்கு மேலே வந்த பிறகு வரிசை சரிசெய்ய இன்னும் அரை மணி. மொத்தம் 110 நிமிடம். 7.30-இலிருந்து 110 நிமிடம் என்றால் 9.20. இந்தக் கணக்கை நான் முந்தின வாரமே போட்டிருக்க முடியும். லிஃப்டின் உள்ளளவு தெரிய வேண்டும், அடுக்குக்கு எத்தனை நாற்காலி என்று வெண்டரிடம் கேட்க வேண்டும். இரண்டு போன் அழைப்பில் முடிகிற வேலை.

அதற்குப் பிறகு நான் ஒரே நேரத்தை எழுதுவதில்லை, மூன்று எழுதுகிறேன்: லாரி வாயிலுக்கு வர வேண்டிய நேரம், இறக்கி முடித்து லாரி இடத்தைக் காலி செய்ய வேண்டிய நேரம், பொருள் அதன் இடத்தில் தயாராக இருக்க வேண்டிய நேரம். கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். நடு நேரம் முக்கியம். ஏனென்றால் அடுத்த வெண்டரின் முதல் நேரம் அதுதான். ஒலி அமைப்பை முந்தின நாள் மாலைக்கே வரவழைத்துவிடலாம். மேடையும் ஸ்பீக்கரும் நின்ற பிறகுதான் நாற்காலி போட வசதி. அரங்கம் முந்தின நாள் கிடைக்குமா, அதற்குத் தனி வாடகை உண்டா என்பதை மட்டும் முன்னதாகக் கேட்டுவிடுங்கள்.

இப்போது நாற்காலி வெண்டருக்கு நான் எழுதுகிற மெயில் இந்த மாதிரி இருக்கும்:

பொருள்: மார்ச் 14 சனிக்கிழமை மாநாடு, நாற்காலி மேஜை டெலிவரி, பதிப்பு 1

வணக்கம்.

நாள்: மார்ச் 14, சனிக்கிழமை
வாயிலுக்கு வருவது: 05:30
இறக்கி முடித்து லாரி வெளியேறுவது: 07:15
வரிசை போட்டுத் தயாராவது: 07:45
திரும்ப எடுப்பது: அதே நாள் 18:30 முதல்

1. கைப்பிடி இல்லாத கருப்பு மெத்தை நாற்காலி: 320. முதல் மாடி அரங்கம்.
2. அதே நாற்காலி, உபரி: 10. அரங்கத்தை ஒட்டிய சிறிய அறை.
3. 6 அடி நீள மேஜை: 8. கீழ்த்தள வரவேற்பு.
4. கருநீல மேஜை விரிப்பு, தரை வரை தொங்குவது: 8. மேஜைகளோடு.

லாரியில் ஏற வேண்டிய மொத்தம்: நாற்காலி 330, மேஜை 8, விரிப்பு 8.

வழி: கட்டடத்தின் பின்வாயில். ஒரு லாரிக்குத்தான் இடம். சரக்கு லிஃப்டில் இரண்டு டிராலி போகும்.
எண்ணி வாங்கிக்கொள்பவர்: எங்கள் அரங்கப் பொறுப்பாளர் (பெயர், கைபேசி எண்). 05:15-இலிருந்து பின்வாயிலில் இருப்பார்.

மார்ச் 6 வெள்ளிக்கிழமை 18:00-க்குள் இந்த மெயிலுக்குப் பதிலாக இவற்றை எழுதி அனுப்புங்கள்: நீங்கள் ஏற்றப்போகும் மொத்த எண்ணிக்கை, லாரி குடோனை விட்டுக் கிளம்பும் நேரம், உடன் வரும் ஆட்கள் எத்தனை பேர். வண்டி எண்ணும் ஓட்டுநர் எண்ணும் 12-ஆம் தேதி தந்தால் போதும்.

எண்ணிக்கை மாறினால் இதே மெயில் தொடரில் நான் மட்டுமே சொல்வேன்.

நன்றி.

இதில் சிலவற்றை ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். 320 என்பது பதிவுசெய்த 300 பேர், பேச்சாளர்கள் 12 பேர், எங்கள் ஆட்கள் 8 பேர். உபரியைத் தனி வரியாக எழுதியதற்குக் காரணம் உண்டு. சில வெண்டர்கள் தாங்களாகவே கொஞ்சம் கூடுதலாக ஏற்றி வருவார்கள், சிலர் "அவரே உபரி சேர்த்துத்தான் கேட்டிருப்பார்" என்று பத்துக் குறைத்து வருவார்கள். உபரி எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரிந்தால் இரண்டுக்கும் இடமில்லை.

"செட்" என்ற சொல்லை எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். "மேஜை 8 செட்" என்றால் உங்களுக்கு மேஜையும் விரிப்பும், குடோனில் இருப்பவருக்கு மேஜையும் நான்கு நாற்காலியும். பெட்டி, கட்டு, பாக்கெட் எல்லாம் அதே கதைதான். பெயர் அட்டை உறையும் கழுத்துப் பட்டியும் கேட்கிறீர்கள் என்றால் உறை 350, பட்டி 350 என்று தனித்தனியாக, ஒற்றை எண்ணில் எழுதுங்கள்.

மணியை 24 மணி நேரக் கணக்கில், கிழமையோடு எழுதுங்கள். "14-ஆம் தேதி இரவு 12 மணி" என்றால் 14 பிறக்கிற நள்ளிரவா, முடிகிற நள்ளிரவா? ஒரு நாள் முழுக்க வித்தியாசம். நள்ளிரவை ஒட்டி ஏதாவது எடுக்கவோ இறக்கவோ இருந்தால் 23:45 என்றோ 00:15 என்றோ எழுதிவிடுவது நல்லது. தேதியும் கிழமையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போனால் வெண்டரே கூப்பிட்டுக் கேட்பார். கிழமை எழுதுவதன் பயன் அதுதான்.

பதிலாக "ஓகே", "நோட்டட்" என்று வந்தால் அதை உறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படிக்காமலும் ஓகே போடலாம். எண்ணிக்கையையும் கிளம்பும் நேரத்தையும் அவரே தட்டச்சு செய்து அனுப்பச் சொல்வது அதற்காகத்தான். ஒருமுறை 330-க்குப் பதிலாக 300 என்று பதில் வந்தது. பழைய கொட்டேஷனைப் பார்த்து எழுதியிருக்கிறார். எட்டு நாள் முன்னால் தெரிந்ததால் ஒரு போனில் சரியாகிவிட்டது. கெடு தாண்டியும் பதில் வரவில்லையென்றால் அன்றே கூப்பிடுங்கள், பேசி முடித்ததை அதே தொடரில் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

முதல் மெயிலை எண்ணிக்கை ஓரளவு நிலைத்த பிறகு, பத்து நாள் முன்னால் அனுப்பலாம். மூன்று நாள் முன்னால் இன்னொன்று. இடையில் ஏதாவது மாறினால், மாறிய வரியை மட்டும் அனுப்பாமல் முழுப் பட்டியலையும் திரும்ப அனுப்புங்கள். தலைப்பில் பதிப்பு 2, முதல் வரியில் "பதிப்பு 1 இனி செல்லாது. மாற்றம்: நாற்காலி 320 இப்போது 340, மொத்தம் 350" என்று இருக்கட்டும். குடோனில் பழைய ஸ்க்ரீன்ஷாட்டும் இருக்கும், புதியதும் இருக்கும். எது கடைசி என்பது படத்திலேயே தெரிய வேண்டும். "நான் மட்டுமே சொல்வேன்" என்ற வரியும் இதற்குத்தான். உங்கள் குழுவில் ஒருவர் போனில் "இன்னும் ஒரு இருபது போடுங்கண்ணா" என்பார், இன்னொருவரும் அதையே சொல்வார், நாற்பது வந்து இறங்கும்.

ஒன்று கவனியுங்கள். இந்த மெயில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைச் சரிபார்க்கிற மெயில். ஆர்டரில் இல்லாத பொருளையோ, தாமதமானால் பிடித்தம் என்பது போன்ற புது நிபந்தனையையோ இங்கே நுழைக்காதீர்கள். எண்ணிக்கை ஆர்டரிலிருந்து மாறியிருந்தால் முதலில் ஆர்டரைத் திருத்தி, தொகையையும் பேசி முடித்துவிட்டு அப்புறம் இதை அனுப்புங்கள். இல்லாவிட்டால் பில் வருகிற அன்று, ஆர்டரில் ஒரு எண்ணும் மெயிலில் இன்னொரு எண்ணுமாக நிற்கும்.

அனுப்பும் முன் மெயிலை உங்கள் போனில் ஒருமுறை திறந்து பாருங்கள். மொத்த எண்ணிக்கை வரியைப் பார்க்க விரலால் தள்ள வேண்டியிருந்தால், மேலே இருப்பதில் எதையாவது குறைத்துவிட்டு அனுப்புங்கள்.